அக்குளில் 36.9, உணவுக்குழாயில் 38.3

தேநீர்க்கடை வாசலில் சரிந்து விழுந்த ஐம்பத்து நான்கு வயதுக்காரரின் நெஞ்சை, ஆம்புலன்ஸ் வரும்வரை அவருடைய மகன் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் அவசரப் பிரிவில் மூன்றாவது மின் ஷாக்குக்குப் பிறகு இதயம் மீண்டும் துடித்தது. ஆனால் அவருக்கு நினைவு திரும்பவில்லை.

துடிப்பு திரும்பிய நான்காவது நிமிடத்தில் எடுத்த ஈசிஜியில், எஸ்டி எனப்படும் கோட்டுப் பகுதி, இதயக் குழாய் அடைபட்டால் உயர்வதுபோல், உயர்ந்திருந்தது. உடனிருந்த இளம் மருத்துவர் ஆஞ்சியோ செய்யும் கேத் லேபை அழைக்கத் தொலைபேசியை எடுத்துவிட்டார். நான் சற்றுப் பொறுக்கச் சொன்னேன். பல நிமிடங்கள் இரத்தமின்றிக் கிடந்து, ஷாக்கும் அட்ரினலினும் வாங்கிய இதயத் தசை, எந்தக் குழாயும் அடைபடாமலேயே இத்தகைய கோடுகளை வரையக்கூடும். முதல் எட்டு நிமிடங்களுக்குள் எடுக்கும் ஈசிஜி இப்படி நம்மை ஏமாற்றும் வாய்ப்பு அதிகம். இருபதாவது நிமிடத்தில் மீண்டும் எடுத்தபோது எஸ்டி உயர்வு மறைந்திருந்தது. எக்கோவில் இதயம் முழுவதுமே சோர்ந்து தெரிந்ததே தவிர, ஒரு சுவர் மட்டும் செயலிழந்ததாகத் தெரியவில்லை. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் சிறிதளவு கொடுத்ததில் சராசரி இரத்த அழுத்தம் 70-இல் நின்றது.

எஸ்டி உயர்வு நீடித்திருந்தாலோ, இதயத் துடிப்பு மறுபடி தாறுமாறாகியிருந்தாலோ, அழுத்தம் சரிந்துகொண்டே போயிருந்தாலோ அந்த நிமிடமே ஆஞ்சியோவுக்கு அனுப்பியிருப்பேன். எஸ்டி உயர்வு இல்லாதவர்களை உடனே ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோவதால் உயிர் பிழைப்பவர்கள் கூடுவதில்லை என்பதை 2019-இல் வெளியான நெதர்லாந்தின் கோஆக்ட் ஆய்வும், 2021-இல் வெளியான டோமஹாக் ஆய்வும் காட்டியிருக்கின்றன. கோஆக்டில் புதிதாக முற்றிலும் அடைபட்ட குழாய் இருந்தது சுமார் 5 சதவீதத்தினருக்கே. ஆகவே அவரை முதலில் மூளை சிடி ஸ்கேனுக்கு அனுப்பினோம். மூளை இரத்தக்கசிவும் இதயத்தை நிறுத்தி, ஈசிஜியையும் மாற்றும். அது தெரியாமல் இரத்தம் உறையாத மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது. ஸ்கேனில் கசிவு இல்லை.

அடுத்தது வெப்பநிலை. 2002-இல் வெளிவந்த இரு ஆய்வுகளுக்குப் பிறகு மூளையைக் காக்க இத்தகைய நோயாளிகளை 33 பாகை செல்சியஸ் வரை குளிர்விப்பது வழக்கமாயிற்று. 2021-இல் டிடிஎம்2 ஆய்வு சுமார் 1,850 பேரில், 33 பாகைக்குக் குளிர்விப்பதையும் காய்ச்சலை மட்டும் தடுப்பதையும் ஒப்பிட்டது. ஆறு மாத இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதை 'இனி ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று பலர் புரிந்துகொண்டதுதான் எனக்கு வருத்தம். ஒப்பிடப்பட்ட குழுவிலும் உடலுக்குள் வைத்த வெப்பமானியால் கண்காணித்து, 37.8-ஐத் தொட்டதும் கருவி கொண்டு குளிர்வித்தார்கள். ஏற்கெனவே அடிபட்ட மூளையின் ஆக்சிஜன் தேவையைக் காய்ச்சல் மேலும் கூட்டும் என்பதே அந்தக் கவனத்துக்குக் காரணம்.

இரண்டாம் இரவு நான் சுற்றி வந்தபோது பதிவேட்டில் வெப்பநிலை 36.9 என்றிருந்தது. ஆனால் இதயத் துடிப்பு மாலையில் 78 ஆக இருந்தது 104 ஆகியிருந்தது. தாடையில் விரல் வைத்தபோது மெல்லிய நடுக்கம் தட்டுப்பட்டது. உணவுக்குழாய் வெப்பமானியை ஸ்கேனுக்காக எடுத்தவர்கள் திரும்பப் போடவில்லை. அன்றிலிருந்து அக்குள் அளவுதான் எழுதப்பட்டு வந்தது. தோலின் இரத்தக் குழாய்களை நார்அட்ரினலின் சுருக்கியிருக்கும்போது அக்குளை நம்ப முடியாது. வெப்பமானியை மீண்டும் செலுத்தினால் 38.3! காலைச் சுற்றில் அந்த எண்ணைப் படித்துவிட்டு, எங்கே அளந்தது என்று கேட்காமல் கடந்து போனவன் நான்தான்.

மூக்குக் குழாய் வழியே பாராசிட்டமால் கொடுத்துக் குளிர்விக்கும் போர்வையைப் போட்டோம். உடல் குளிர நடுக்கம் கூடும், நடுக்கமே மீண்டும் சூட்டை உண்டாக்கும். அதனால் கைகளையும் பாதங்களையும் வெதுவெதுப்பான துணியால் சுற்றி, மெக்னீசியம் கொடுத்து, மயக்க மருந்தைச் சற்றுக் கூட்டினோம். தசையை முடக்கும் மருந்தைக் கடைசிக்கென்று வைத்துக்கொண்டேன். அது வலிப்பை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜியில் வலிப்பின் அறிகுறி இல்லை. மூன்று மணி நேரத்தில் வெப்பம் 37.2-க்கு இறங்கியது. விழுந்தபோது புரையேறியதால் வந்த நுரையீரல் தொற்றே காய்ச்சலுக்குக் காரணமென்று காலை எக்ஸ்ரேயில் தெரிந்தது.

"அப்பா கண் முழிப்பாரா டாக்டர்?" என்று மகன் கேட்டார். மயக்க மருந்து உடலில் இருக்கும்போது எதையும் தீர்மானிக்க முடியாதென்றும், குறைந்தது 72 மணி நேரம் கழித்தே, அதுவும் ஒரே சோதனையை நம்பாமல், சொல்ல முடியுமென்றும் பதில் சொன்னேன். நான்காம் நாள் அவர் கண் திறந்தார், ஐந்தாம் நாள் சொன்னபடி கையை அழுத்தினார், சுவாசக் குழாயை எடுத்தோம். எட்டாம் நாள் ஆஞ்சியோவில் இதயத்தின் முன்பக்கக் குழாய் 90 சதவீதம் சுருங்கியிருந்தது, ஆனால் முற்றிலும் அடைபடவில்லை, ஸ்டென்ட் வைத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் முன் நான் பார்க்கச் சென்றபோது, "தேநீருக்குக் காசு கொடுத்தோமா?" என்று அவர் மகனைக் கேட்டார். பத்து நிமிடத்துக்குள் அதையே மூன்று முறை கேட்டார். மகன் ஒவ்வொரு முறையும் பொறுமையாக, "கொடுத்துவிட்டோம்" என்றார். நினைவாற்றல் சோதனைக்கு ஒரு நாள் குறித்து, அதை மகனிடம் எழுதிக் கொடுத்தேன்.