எடை சரி, வயிறு மட்டும் முன்னால்: டேப் எடுத்து விகிதம் பார்த்த அனுபவம்

என் உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. பிஎம்ஐ போட்டால் 23.4 வரும். ஆளைப் பார்த்துக் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு கூடியிருந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. "இடுப்பையும் பிட்டத்தையும் அளந்து விகிதம் பார்த்திருக்கீங்களா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். அங்கிருந்த நர்ஸ் எப்படி அளப்பது என்று காட்டிக் கொடுத்தார். அன்று முதல் வீட்டில் நானே அளந்து குறித்து வருகிறேன்.

கணக்கு எளிது. இடுப்புச் சுற்றளவைப் பிட்டச் சுற்றளவால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். டேப்பை உடம்பில் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதுதான் கஷ்டமான பகுதி. அங்கே நாலைந்து சென்டிமீட்டர் மாறினால் முடிவே மாறிவிடும்.

முதலில் இடுப்பு. இடுப்பு என்றதும் பலருக்கும் பேன்ட் கட்டும் இடம்தான் நினைவுக்கு வரும். தொப்பை உள்ள ஆண்களுக்குப் பெல்ட் வயிற்றுக்குக் கீழே இறங்கி நிற்கும். அங்கே அளந்தால் தொப்பை கணக்கிலேயே வராது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடம் வேறு: கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுப்புள்ளி.

அதைக் கண்டுபிடிக்க நர்ஸ் காட்டிய வழி இது. அக்குளுக்கு நேர் கீழே, உடம்பின் பக்கவாட்டில் விரல் நுனிகளை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே கீழே வர வேண்டும். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். ஓரிடத்தில் எலும்பு முடிந்து விரல் சதைக்குள் அமுங்கும். அந்த எலும்பு முடியும் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு. அப்புறம் அதே நேர்கோட்டில், கீழிருந்து மேலாக உள்ளங்கையின் ஓரத்தால் தடவினால் இடுப்பெலும்பின் மேல் முகடு கெட்டியாகத் தெரியும். அங்கே இன்னொரு கோடு. எனக்கு இரண்டு கோட்டுக்கும் இடையே 7 செ.மீ. இருந்தது. ஆகவே மேல் கோட்டிலிருந்து 3.5 செ.மீ. கீழே ஒரு புள்ளி. வலது, இடது இரண்டு பக்கமும் இப்படிக் குறித்துக்கொண்டால் டேப் சாயாது.

தொப்புளை அடையாளமாக வைத்தால் சுலபம்தானே என்று நானும் கேட்டேன். சிலருக்குத் தொப்புள் அந்த நடுப்புள்ளிக்கு அருகில்தான் இருக்கும். ஆனால் வயிறு தொங்கினால் தொப்புளும் கூடவே இறங்கும். எடை ஏறி இறங்கும்போது அது இடம் மாறும். எலும்பு மாறாது. ஆறு மாதம் கழித்து அளந்தாலும் அதே இடத்தைப் பிடிக்க எலும்பால்தான் முடியும்.

அளக்கும்போது நிற்கும் விதமும் முக்கியம். கால்களைச் சேர்த்து, எடையை இரண்டு காலிலும் சமமாக வைத்து, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு நிற்க வேண்டும். டேப் வெறும் தோலின் மேல், தரைக்கு இணையாகச் சுற்றிவர வேண்டும். தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. டேப்பை எடுத்த பிறகு தோலில் தடம் தெரிந்தால் இறுக்கிவிட்டோம் என்று அர்த்தம். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், அதனால் முதலில் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விட மூச்சுதான் அளவைக் கெடுக்கும். டேப் வயிற்றில் பட்டதும் நம்மை அறியாமலே வயிறு உள்ளே போகும். "சார், மூச்சை இழுக்காதீங்க, சாதாரணமா விடுங்க" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் நொடியில் எண்ணைப் படிக்க வேண்டும். எவ்வளவு வித்தியாசம் வரும் என்று தெரிந்துகொள்ள வயிற்றை எக்கிக்கொண்டும் அளந்து பார்த்தேன். எனக்கு 4 செ.மீ. குறைந்தது. வீட்டில் நான் கடைப்பிடிக்கும் தந்திரம்: டேப்பைச் சுற்றிய பிறகு இரண்டு மூன்று முறை சும்மா மூச்சு விடுவேன், அதன்பிறகுதான் குனியாமல் எண்ணைப் பார்ப்பேன். குனிந்து பார்த்தால் வயிறு மடிந்துவிடும். காலையில் சாப்பிடுவதற்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு அளந்தால் நாளுக்கு நாள் ஒப்பிட முடியும்.

அடுத்தது பிட்டம். இதற்கு எலும்பைத் தேட வேண்டியதில்லை. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது பின்பக்கம் எங்கே அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அந்த மட்டத்தில் டேப். ஆனால் அதைத் தனியாகச் செய்வது சிரமம். பின்பக்கம் டேப் சரிவது நமக்குத் தெரியாது. "ஏங்க, பின்னாடி ரெண்டு விரல் கீழே இறங்கியிருக்கு" என்று என் மனைவி சொன்னபோதுதான் உதவிக்கு ஒருவர் தேவை என்று புரிந்தது. யாரும் இல்லையென்றால் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொள்ளலாம். டேப்பை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் நகர்த்தி, வருவதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய உள்ளாடையோடு அளப்பது நல்லது. தடித்த பேன்ட்டோடு அளந்தால் பிட்டச் சுற்றளவு கூடி, விகிதம் பொய்யாகக் குறைந்துவிடும்.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் 1 செ.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் சராசரி. அதற்கு மேல் போனால் மறுபடி அளக்க வேண்டும். எனக்கு இடுப்பு 90.2, 90.8 என்று வந்தது, சராசரி 90.5. பிட்டம் 94.8, 95.2, சராசரி 95. வகுத்தால் 0.95. பெல்ட் கட்டும் இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒருமுறை அளந்தேன்: 85 செ.மீ. அதை 95-ஆல் வகுத்தால் 0.89. ஆண்களுக்கு 0.90-ம் அதற்கு மேலும், பெண்களுக்கு 0.85-ம் அதற்கு மேலும் போனால் வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்கான ஆபத்து கணிசமாகக் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒரே உடம்பு, ஒரே காலை. ஓரிடத்தில் அளந்தால் கோட்டுக்குக் கீழே, சரியான இடத்தில் அளந்தால் கோட்டைத் தாண்டி நல்ல தூரம்.

0.95 என்றால் என்ன சொல்ல வருகிறது? என் உடம்பில் மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்று அது சொல்லவில்லை. இருக்கும் கொழுப்பு பிட்டம், தொடைப் பக்கம் போகாமல் வயிற்றில் குவிந்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை 1947-லேயே ழான் வாக் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியிருக்கிறார். வயிற்றுப் பக்கம் சேரும் கொழுப்பையும் இடுப்புக்குக் கீழே சேரும் கொழுப்பையும் அவர் பிரித்துப் பார்த்தார். முன்னதுதான் சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் சேர்ந்து வருகிறது என்றார். பின்னால், 2005-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டது. அதில் மாரடைப்போடு பிஎம்ஐயைவிட இந்த விகிதம்தான் நெருக்கமாகப் பொருந்தியது.

காரணத்தை மருத்துவர் எனக்கு இப்படி விளக்கினார். வயிற்றில் இரண்டு வகைக் கொழுப்பு உண்டு. தோலுக்கு அடியில் இருப்பது விரலால் கிள்ளினால் கையில் வரும். இன்னொன்று வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றி இருப்பது. அதைக் கிள்ள முடியாது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் போர்ட்டல் சிரை வழியாக நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு சேரவும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகவும், டிரைகிளிசரைடு ஏறவும் அது ஒரு காரணம். தொடையிலும் பிட்டத்திலும் இருக்கும் கொழுப்போ, உபரியை உள்ளே வாங்கி நீண்ட நாள் பிடித்து வைத்துக்கொள்ளும் சேமிப்புக் கிடங்கு மாதிரி. அதனால்தான் பிட்டச் சுற்றளவு பெரிதாக இருப்பது இந்தக் கணக்கில் நல்ல பக்கம் சேர்கிறது.

அதே நேரம், டேப்புக்கு உள் கொழுப்பும் வெளிக் கொழுப்பும் ஒன்றுதான். அதைப் பிரித்துக் காட்ட சிடி அல்லது எம்ஆர்ஐ வேண்டும். பிட்டத் தசை மெலிந்திருந்தாலும் விகிதம் ஏறும், வயதானவர்களிடம் இதைப் பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கும், வயிற்றில் நீர் கோத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இன்னொரு குறை என் மனைவியின் அளவில் தெரிந்தது. அவர் என்னைவிடக் குள்ளம், எடை 68 கிலோ. இடுப்பு 86, பிட்டம் 106, விகிதம் 0.81. பெண்களுக்கான 0.85-க்குக் கீழே. இதை மட்டும் பார்த்தால் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவே 80 செ.மீ.யைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று தனியாக ஓர் அளவுகோல் இருக்கிறது. தெற்காசிய ஆண்களுக்கு அது 90. பிட்டமும் பெரிதாக இருந்ததால் வகுக்கும்போது அவரது இடுப்பளவு மறைந்துபோனது. அவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அதில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனாலும் இடுப்பைத் தொடர்ந்து அளக்கச் சொன்னார்கள்.

எனக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். உணவையும் நடையையும் மாற்றிச் சில மாதங்கள் கழித்து அளந்தபோது இடுப்பு 86, பிட்டம் 92. விகிதம் 0.93. இடுப்பில் 4.5 செ.மீ. குறைந்தும் விகிதம் 0.02 மட்டுமே இறங்கியிருந்தது, ஏனென்றால் பிட்டமும் கூடவே சுருங்கியது. இடுப்பில் 1 செ.மீ. தவறாக அளந்தாலே எனக்கு விகிதம் 0.01 மாறும். அப்படியிருக்க 0.02-ஐ வைத்து முன்னேற்றம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. டிரைகிளிசரைடு இறங்கியிருந்தது. மருத்துவரும், கொழுப்பு எங்கே சேருகிறது என்று தெரிந்துகொள்ள விகிதம் போதும், மாற்றத்தைத் தொடர இடுப்பு அளவைப் பாருங்கள் என்றார். இப்போது மாதம் ஒருமுறை அந்த நடுப்புள்ளியில் இடுப்பை அளந்து குறிக்கிறேன். பிட்டத்தை அளப்பது அடுத்த இரத்தப் பரிசோதனையின் போதுதான்.