பாண் இறங்காத நாளிலிருந்து

ஆவணி மாதத்தில் ஒரு காலையில் பாண் துண்டு நெஞ்சுக்குள் நிற்கிறது என்றார் அம்மா. தேநீரில் நனைத்துச் சாப்பிட்டதும் இறங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் புட்டை விட்டார். அடுத்துச் சோற்றைக் குழைத்தார். ஆறாவது வாரத்தில் சொதியில் ஊறிய இடியப்பமும் கஞ்சியும்தான். ஒவ்வொரு முறையும் உணவை மாற்றிச் சமாளித்ததால், நோய் வளர்வது எங்களுக்குத் தெரியவில்லை. சட்டை தொளதொளத்ததைக்கூட வயது என்று நினைத்தோம்.

வெள்ளவத்தையில் முதலில் பார்த்த வைத்தியரிடம் அம்மா சொன்ன சொல் 'நெஞ்செரிவு'. அதற்கேற்ற குளிசை கிடைத்தது. எரிவு குறைந்தது, அடைப்பு குறையவில்லை. வயிற்று ஸ்கேனில் பிழையில்லை என்றதும் நிம்மதியாக இருந்தோம். அந்த ஸ்கேன் உணவுக்குழாயின் உட்புறத்தைக் காட்டாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மூன்று வாரங்கள் அப்படியே போயின. அதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

இரண்டாவது வைத்தியர் குளிசையைப் பற்றிப் பேசவே இல்லை. "முதலில் கெட்டியான உணவா, தண்ணீரும் சேர்ந்தா தடைப்பட்டது?" என்று கேட்டார். தொடக்கத்திலிருந்தே இரண்டும் தடைப்பட்டால் தசை இயக்கக் கோளாறாக இருக்கலாம். கெட்டியானது முதலிலும் மென்மையானது பின்னாலும் என்றால், குழாய் சுருங்கிக்கொண்டு வருகிறது. குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும் என்பதால், உள்வழி ஏறக்குறைய 13 மில்லிமீட்டருக்கும் குறைந்த பிறகே கெட்டி உணவு நிற்பது தெளிவாகத் தெரிகிறதாம். அதாவது, பாண் சிக்கிய அன்றே அடைப்பு சிறியதாக இருக்கவில்லை. அம்மா தொண்டைக்குக் கீழே காட்டினார். அடைப்பு அதைவிடக் கீழேயும் இருக்கலாம் என்றார் அவர்.

வாய் வழியாகக் கமராக் குழாயை விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு அடுத்த மாதம்தான் இடம் என்றார்கள். விழுங்குவது வாரத்துக்கு வாரம் மோசமாகிறது, எடை குறைகிறது என்று வைத்தியரே கடிதத்தில் எழுதித் தந்ததும் நான்காம் நாள் கிடைத்தது. குறுகிய குழாயில் உணவு தேங்கியிருக்கும் என்பதால் முந்தின நாள் முழுக்க நீராகாரம், பிறகு ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. அம்மா பயந்த அளவுக்கு இல்லை.

உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கரடுமுரடான சுருக்கம். பார்த்த கையோடு பல சிறு துண்டுகளை எடுத்தார்கள். ஒரு துண்டு போதாதாம், அது புண்ணின் மேற்பரப்பாக மட்டுமே இருந்துவிடலாம். எட்டாம் நாள் அறிக்கை வந்தது: புற்றுநோய். சி.டி. ஸ்கேனில் வேறு உறுப்புகளுக்குப் பரவல் தெரியவில்லை. இப்போது மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை நடக்கிறது.

சென்ற வாரம் பக்கத்து வீட்டு அக்கா தன் கணவருக்குச் சோறு அடைக்கிறது, காய்ந்த உணவாக இருக்கும் என்றார். எரிவு என்று சொல்லாதீர்கள் அக்கா, எந்த வாரம் எந்த உணவு நின்றது என்று திகதியோடு எழுதிக் கொண்டுபோங்கள் என்றேன். நாளைக் காலை அவரைக் கூட்டிப் போகிறோம்.