நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றுக்கு மூன்று பேர் பேசினால்: ஒரு அசைன்மென்ட் அனுபவம்

கொழும்பில் வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் சந்தைப்படுத்தல் படிக்கிற எல்லோருக்கும் ஒருங்கிணைந்த தொடர்பாடல் என்ற அசைன்மென்ட் எப்படியும் வந்து சேரும். ஒரு பொருளை எடுத்து, அதற்கு விளம்பரம், மக்கள் தொடர்பு, விற்பனை ஊக்குவிப்பு மூன்றையும் திட்டமிட்டு, மூன்றிலும் ஒரே செய்தி போகிறது என்று காட்ட வேண்டும். எங்கள் குழுவுக்குக் கற்பனையான ஒரு செக்கு நல்லெண்ணெய் கிடைத்தது. வடக்கில் எள்ளு வாங்கி, செக்கில் ஆட்டி, கொழும்பு சூப்பர் மார்க்கெட்டுகளில் தீபாவளியை ஒட்டி விற்பனைக்கு விட வேண்டும். அந்த வேலையை எப்படிச் செய்து முடித்தோம் என்பதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் வகுப்புக் குறிப்புகளில் 'ஒரே செய்தி' என்று ஒரு வரியில் இருக்கிற விஷயம் செய்யும்போதுதான் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று தெரிந்தது.

ஆளுக்கொரு கருவியாகப் பிரித்துக்கொண்டோம். பெரிய குழுக்களில் வேறு வழியும் இல்லை, நிறுவனங்களிலும் இப்படித்தான் நடக்கிறது: விளம்பரம் ஒரு ஏஜென்சியிடம், பத்திரிகைத் தொடர்பு இன்னொருவரிடம், கடை ஊக்குவிப்பு விற்பனைப் பிரிவிடம். வெள்ளவத்தையில் ஒரு நண்பியின் வீட்டு மேசையில் மூன்று வரைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். விளம்பரம் 'மணம் மாறாத செக்கு எண்ணெய்' என்றது. பிரஸ் ரிலீஸ் 'எள்ளு விவசாயிகளுக்கு நியாய விலை' என்றது. கடைத் திட்டம் 'தீபாவளிக்கு 20% விலைக்கழிவு' என்றது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல வரைவுகள்தான். சேர்த்துப் பார்த்தால் ஒன்று ருசியான எண்ணெய், ஒன்று நல்ல மனசுள்ள எண்ணெய், ஒன்று மலிவான எண்ணெய். மூன்று கம்பெனிகளின் போத்தல்கள் மாதிரி இருந்தன. லோகோவும் நிறமும் ஒன்றாக இருந்தது எதையும் மாற்றவில்லை.

இதில் மிகவும் ஆபத்தானது விலைக்கழிவு. 'விற்பனை கூடுமே, அதில் என்ன பிழை' என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அசைன்மென்டுக்காக நாங்களே எடுத்துக்கொண்ட எண்கள்: 500 மில்லிலீட்டர் போத்தல் 1,200 ரூபா. கடையின் பங்கு 240 போக, கம்பெனிக்கு 960. எள்ளு, ஆட்டுக்கூலி, போத்தல், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 700. மிஞ்சுவது 260. விலைக்கழிவு 240 ரூபாவையும் கம்பெனியே தாங்கினால் ஒரு போத்தலில் மிஞ்சுவது 20 ரூபாதான், அதாவது முன்பு கிடைத்த மொத்தத் தொகையைத் திரும்ப எடுக்க 13 மடங்கு விற்க வேண்டும். ஒரு சிறிய செக்கால் அவ்வளவு ஆட்டவும் முடியாது. இப்போது அந்தப் பிரஸ் ரிலீஸை எடுத்துப் பாருங்கள். விவசாயிக்குக் கூடக் கொடுக்கிறோம் என்று செய்தி கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே கடையில் 240 ரூபா குறைத்தால், ஒரு நிருபர் கேட்கக்கூடிய முதல் கேள்வி 'இந்தக் கழிவு யாருடைய பங்கிலிருந்து போகிறது?' என்பதுதான். அதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. 500 மில்லிலீட்டர் எண்ணெய்க்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எள்ளு தேவை, ஆக செலவில் பெரிய பகுதி எள்ளுதான், எவரும் முதலில் அங்கேதான் சந்தேகப்படுவார்கள். அதோடு, புதிதாக வருகிற பொருளை முதன்முதலில் 960 ரூபாவுக்குப் பார்த்தவருக்கு அதுதான் அதன் விலை, பிறகு 1,200 என்றால் விலை ஏற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார்.

சரி, அப்படியென்றால் மூன்றையும் எது சேர்த்துப் பிடிக்கும்? இங்கேதான் அதிக நேரம் செலவழித்தோம், செலவழித்தது வீண் போகவில்லை. விளம்பர வாசகம் யோசிப்பதை நிறுத்திவிட்டு, மணம் ஏன் நிற்கிறது என்று கேட்டோம். எள்ளு நன்றாகக் காய்ந்து, மண்ணும் பழைய விதையும் கலக்காமல் இருந்தால் எண்ணெய் மணக்கும், மெதுவாக ஆட்டினால் சூடு அதிகம் ஏறாது. அப்படியான எள்ளு வேண்டுமென்றால் அதைச் சுத்தம் செய்து காயவைத்துத் தருகிற விவசாயிக்குக் கூடக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், விவசாயியும் மணமும் ஒரே காரணச் சங்கிலியில் வந்துவிட்டன. எங்கள் மையச் செய்தி இப்படி முடிந்தது: 'மணம் எள்ளிலேயே தொடங்குகிறது, நல்ல எள்ளுக்கு நல்ல விலை கொடுத்து, மெதுவாக ஆட்டி, புதிதாகத் தருகிறோம்.' இது விளம்பர வாசகம் அல்ல, வெளியே யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. இதற்கு மூன்று ஆதாரங்கள் வைத்தோம்: எள்ளுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, மெதுவான ஆட்டு, போத்தலில் அச்சிட்ட ஆட்டிய திகதி.

அப்புறம் ஒரு பெரிய தாளில் அட்டவணை போட்டோம். இடப்பக்கம் மூன்று கருவிகள், மேலே யாருக்கு, என்ன நோக்கம், எந்த ஆதாரம் முன்னுக்கு, அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும், எப்போது. இதை நிரப்பும்போதுதான் ஒரு விஷயம் தெளிவானது: செய்தி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரே வாக்கியத்தை மூன்று இடத்திலும் ஒட்டக் கூடாது. விளம்பரத்தில் ஆட்டிய திகதிதான் முன்னுக்கு வரும், ஏனென்றால் அது ஒரு படத்தில் காட்டக்கூடியது. பிரஸ் ரிலீஸில் கொள்முதல் விலைதான் முன்னுக்கு, ஏனென்றால் அதில்தான் செய்தி இருக்கிறது. கடையில் மூக்குதான் வேலை செய்ய வேண்டும். ஆதாரங்களின் வரிசை மாறலாம், மையம் மாறக் கூடாது.

பிரஸ் ரிலீஸ் வரைவை, முன்பு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த ஒரு அண்ணாவிடம் காட்டினோம். இரண்டு பந்தி படித்துவிட்டு, "தங்கச்சி, இதில செய்தி எங்க இருக்கு? இத அப்படியே விளம்பரப் பகுதிக்கு அனுப்பினா ரேட் காட் தருவாங்கள்" என்றார். 'பாரம்பரியச் சுவை', 'ஈடிணையற்ற தரம்' எல்லாவற்றையும் அவர் பேனையால் வெட்டினார். மிஞ்சியது யார், எங்கே, எந்தப் போகத்தில், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பது மட்டும். அது மட்டுமே ஆசிரியருக்குப் போதும். ஆனால் அப்படி வெட்டியதும் இன்னொரு பிரச்சினை வந்தது. தெரிந்த சில அக்காமாருக்கும் அன்ரிமாருக்கும் பெயரை மறைத்து மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்து, 'இந்த எண்ணெயில் என்ன விசேஷம்?' என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டோம். விளம்பரத்தைப் பார்த்தவர்கள் மணம், புதுசு என்றார்கள். ரிலீஸைப் படித்தவர்கள் 'விவசாயிக்கு உதவி செய்யிறாங்கள்' என்று மட்டும் சொன்னார்கள், எண்ணெயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனால் கூடுதல் விலை எதற்கு என்ற காரணத்தை, அதாவது காய்ந்த சுத்தமான எள்ளுக்குத்தான் அந்த விலை, அதில்தான் மணம் இருக்கிறது என்பதை, கடைசிப் பந்தியிலிருந்து இரண்டாவது பந்திக்குக் கொண்டுவந்தோம். பத்திரிகையில் இடம் குறைந்தால் கீழிருந்துதான் வெட்டுவார்கள், எனவே மையச் செய்தி அடியில் இருந்தால் அது அச்சில் வராமலே போகலாம். திருத்தியதைப் புதிதாகச் சிலரிடம் காட்டியபோது 'நல்ல எள்ளு' என்ற சொல் வர ஆரம்பித்தது.

விலைக்கழிவுக்குப் பதிலாக 100 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றை 240 ரூபாவுக்கு வைத்தோம். கணக்குப் பார்த்தால் மில்லிலீட்டருக்குப் பெரிய போத்தலின் அதே விலைதான். சிறிய போத்தலுக்கும் அடைப்புக்கும் வருகிற கூடுதல் செலவு ஊக்குவிப்பு பட்ஜெட்டில் போகும். வாங்குகிறவருக்கு 1,200 கொடுத்துப் பரீட்சிக்க வேண்டிய தயக்கம் போய்விடும், விலையும் கெடாது. பெரிய போத்தலோடு அதே எள்ளில் செய்த எள்ளுருண்டைப் பொதி ஒன்று. கடையில் ஒரு சிறிய மேசை, திறந்த போத்தல், முகர்ந்து பார்க்கலாம்.

பலரும் எழுதாமல் விடுகிற இடம் அந்த மேசைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை. அவர் வேறொரு நிறுவனத்தின் மூலம் சில நாட்களுக்கு வருகிறவர், காலையில் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்தால் அதுதான் பயிற்சி. அவர் 'அக்கா, மற்றதைவிட இது லாபம்' என்று சொன்னால் விளம்பரத்துக்கும் செய்திக்கும் செலவழித்த காசு அங்கேயே போய்விடும். அதனால் அவருக்கு மூன்றே வரி எழுதினோம்: மணந்து பாருங்கள், ஆட்டிய திகதி இங்கே இருக்கிறது, சிறிய போத்தலில் தொடங்கலாம். சந்தைப்படுத்தல் தொடர்பாடல் ஆய்வாளர்களான டங்கன், மொரியார்ட்டி இருவரும் சொன்ன முக்கோணம் ஒன்று வகுப்பில் படித்தோம்: நிறுவனம் சொல்வது, செய்வது, மற்றவர்கள் உறுதிப்படுத்துவது மூன்றும் பொருந்த வேண்டும். அதை வைத்துப் பார்த்தால், ஆட்டிய திகதி பழசாகிப்போன போத்தல் றாக்கையில் இருப்பதும் ஒரு செய்திதான். எனவே எத்தனை மாதத்தில் கடையிலிருந்து திரும்ப எடுப்பது என்ற விதியையும் திட்டத்தில் சேர்த்தோம்.

நேர வரிசை எள்ளே சொல்லித்தந்தது. எள்ளு சிறுபோகப் பயிர், ஆடி மாத அளவில் அறுவடை. ஆகவே கொள்முதல் நடக்கும்போது பிரஸ் ரிலீஸ், அப்போதுதான் நிருபர் போய்ப் படம் எடுக்க ஏதாவது இருக்கும். விளம்பரம் வந்த பிறகு அதே விஷயத்தைச் செய்தி என்று கொடுத்தால் ஆசிரியர் எடுக்க மாட்டார். செப்டெம்பரில் விளம்பரம். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் கடை மேசை, எண்ணெய் முழுக்குக்கு எல்லோரும் நல்லெண்ணெய் தேடுகிற நேரம். அளவிடுவதையும் கருவிக்கு ஒன்றாகப் பிரித்தோம். செய்தி எத்தனை அங்குலம் வந்தது என்று பார்ப்பதைவிட, வந்த செய்தியில் எள்ளுக்கும் மணத்துக்கும் உள்ள தொடர்பு இருந்ததா என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. சிறிய போத்தல் எவ்வளவு விற்றது என்பதைவிட, தீபாவளிக்குப் பிறகு முழு விலையில் பெரிய போத்தல் போகிறதா என்பதும் அப்படியே.

முன்வைப்பு நாளில் மிஸ் கேட்டது ஒரே கேள்வி: "போட்டிக் கம்பெனி தீபாவளி வாரம் 25% குறைத்தால்?" விலையைத் தொட மாட்டோம், சிறிய போத்தல் மேசைகளைக் கூட்டுவோம், அதற்கென்று பட்ஜெட்டில் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறோம் என்றோம். அப்படியானால் சூப்பர் மார்க்கெட்டே தன் பங்கிலிருந்து குறைத்து விற்றால் என்ன செய்வீர்கள் என்று மடக்கினார். கடைக்காரர் தன் லாபத்தில் குறைப்பதைத் தயாரிப்பாளர் முழுதாகத் தடுக்க முடியாது. ஊக்குவிப்புக் காலத்தில் எங்கள் பெயரையும் படத்தையும் விலைக்கழிவுப் பலகையில் போடக் கூடாது என்று கடையோடு எழுத்தில் பேசிக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக மேசைக்கான செலவை நாங்கள் ஏற்கலாம். அந்தப் பந்தி எங்கள் முதல் அறிக்கையில் இல்லை, கேள்விக்குப் பிறகு சேர்த்து இறுதிப் பிரதியில் கொடுத்தோம்.