தேவாலயத்தைத் திருப்பி வைத்தேன், மாட்டிக்கொண்டேன்

தங்கச்சிமடத்து அண்ணன் ஒருவரின் சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை செய்தேன். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம், மணலில் ஒரு வள்ளம், பின்னால் பாம்பனில் எடுத்த அந்தி வானம். மூன்றையும் வெட்டி ஒட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் பத்து நாள் போனது.

தேவாலயத்தை உச்சி வெயிலில் எடுத்திருந்தேன். வளைவுகளின் நிழல் நேர்கீழே விழுந்து கிடந்தது. வானத்திலோ சூரியன் வலப்பக்கம் அடிவானத்தில். சுவருக்கு எவ்வளவு ஆரஞ்சு ஏற்றினாலும் ஸ்டுடியோ திரை முன்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. நிறத்தை மாற்றலாம், நிழல் விழும் கோணத்தை மாற்ற முடியாது. சரி என்று விடியலில் கிளம்பிப் போய் ஏழரை மணி வெயிலில் மறுபடி எடுத்தேன். சாய்ந்த வெளிச்சம், பவளக்கல்லின் ஒவ்வொரு குழியும் தெரிந்தது. ஆனால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தது. சோம்பலில் தேவாலயத்தையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டேன்.

அண்ணன் பார்த்த மாத்திரத்தில், "தம்பி, கோயில் மாறி நிக்குதே" என்றார். 1964 புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எந்தச் சுவர் எந்தப் பக்கம் உடைந்தது என்பது மனப்பாடம். வெட்கமாகிவிட்டது. தேவாலயத்தைப் பழையபடி வைத்து, வானத்தைத் திருப்பினேன். மேகத்துக்கு ஏது ஊர்? வேலை முடிந்தது. முதலிலேயே தோன்றியிருக்கலாம்.

வள்ளம் மட்டும் மிதந்துகொண்டே இருந்தது. அதற்குப் போட்டிருந்தது ஒரே மங்கலான கறுப்பு நிழல். உற்றுப் பார்த்தால், அடிக்கட்டை மணலைத் தொடும் இடத்தில் நிழல் ஒல்லியாக, கூர்மையாக, நல்ல அடர்த்தியாக இருக்கும். தள்ளிப் போகப் போக மங்கும். அதனால் கீழே இருப்பதை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் நிழலை இரண்டு அடுக்காகப் போட்டேன். நிறமும் கறுப்பு இல்லை. வானத்தின் நீலத்தைத் தொட்டு எடுத்த அடர் நீலம். அப்புறம்தான் வள்ளம் தரையில் உட்கார்ந்தது.

கடைசியாக, எல்லா அடுக்குக்கும் மேலே மணல் தூவிய மாதிரி ஒரே மெல்லிய புள்ளிப் படலம். ஒரு படம் போனில், ஒரு படம் கேமராவில் எடுத்தது. அந்த வித்தியாசத்தை இதுதான் மறைத்தது. தலைப்பு வரும் இடத்தில் மட்டும் மாஸ்க் போட்டுத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்து அழுக்காகத் தெரியும்.

அச்சகத்து மாதிரியில் வளைவுகளின் உள்பக்கம் முழுக்க கருமையாக அடைத்துப் போயிருந்தது. திரை ஒளிர்கிறது, தாள் ஒளிராது. திரையில் சற்று வெளிறித் தெரியும் அளவுக்கு நிழல்களின் வெளிச்சத்தை ஏற்றி, மறு மாதிரி வாங்கி டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். உள்ளே கல் தெரிந்தது.

அண்ணன் அன்று இரவே போன் செய்தார். "இன்னும் ரெண்டு கதை சேர்த்திருக்கேன் தம்பி, அட்டைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

பக்கம் கூடினால் புத்தகத்தின் முதுகு அகலம் கூடும். மறுபடி கோப்பைத் திறந்தேன்.