திருச்சி ரிப்போர்ட்டும் கிளிநொச்சிப் பள்ளிக்கூடமும்

இந்தியாவில் படித்த பிள்ளைகளோடு ஊர் திரும்பும் குடும்பங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. பிள்ளையை இங்கே சேர்க்கப் போகும்போது கையில் இருக்கும் தேர்ச்சி அறிக்கை எங்கள் ஆட்களுக்கு விளங்காத ஒன்றாக இருக்கும். என் அக்கா குடும்பம் திருச்சியில் இருந்து கிளிநொச்சிக்கு வந்தபோது, மருமகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வேலை என் பொறுப்பாகியது. பிள்ளை அங்கே இந்திய மத்திய கல்வி வாரியமான சிபிஎஸ்இயின் முறையில் நடக்கும் ஒரு தனியார் பள்ளியில் 7ஆம் வகுப்பு முடித்திருந்தாள். அந்த அறிக்கையை வாசித்து முடிக்க நான் பட்ட பாட்டில் இருந்து, இன்னொரு தாய் தகப்பனுக்குப் பயன்படும் என்று நினைப்பதை எழுதுகிறேன்.

அதிபர் நல்ல மனிதர். பிறப்புச் சான்றிதழையும் விடுகைப் பத்திரத்தையும் பார்த்துவிட்டு, வயதுக்கு 8ஆம் தரம் சரி என்றார். அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதில புள்ளி எங்க இருக்குது? எங்கட பதிவில பாடத்துக்குப் பாடம் புள்ளி போடவேணும்" என்றார். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான் இருந்தன. ஆங்கிலம் ஏ2, 9. தமிழ் பி1, 8. கணிதம் பி1, 8. விஞ்ஞானம் பி2, 7. சமூக அறிவியல் ஏ2, 9. கீழே மொத்தத் தரப்புள்ளி 8.2 என்று இருந்தது. கூடவே பர்சன்டைல் என்று போட்ட வேறொரு தாள். மூன்றாவது பக்கத்தில் ஓரிடத்தில் 'முன்னேற்றம் தேவை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அக்கா எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எழுத்துகள். எங்கள் ஊரில் 75உம் அதற்கு மேலும் எடுத்தால் ஏ, 65 முதல் 74 வரை பி, 50 முதல் 64 வரை சி, 35 முதல் 49 வரை எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. சாதாரண தரப் பரீட்சையில் பழகிய கணக்கு இது. சிபிஎஸ்இ முறையில் 91உம் அதற்கு மேலும்தான் ஏ1. அதற்குக் கீழே பத்துப் பத்தாக இறங்குகிறது: 81 முதல் 90 வரை ஏ2, 71 முதல் 80 வரை பி1, 61 முதல் 70 வரை பி2, பிறகு சி1, சி2. 33 முதல் 40 வரை டி. 32உம் அதற்குக் கீழும் ஈ. அம்மா காலத்துச் சாதாரண தரத்தில் டி என்றால் மிகத் திறமான சித்தி; "எட்டு டி" என்று ஊரே சொல்லித் திரியும். அந்த நினைப்போடு இந்திய அறிக்கையைப் பார்க்கிற பெரியவர்கள், அரும்பொட்டில் தப்பிய பிள்ளையைக் கெட்டிக்காரி என்று சொல்லிவிடக் கூடும். அதேபோல பி1 எடுத்த பிள்ளைக்கு 'பிதானா?' என்று முகம் சுழிப்பதும் நியாயமில்லை. 78 எடுத்தாலும் அங்கே பி1தான். இங்கே அது ஏ.

எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் தரப்புள்ளி, அதாவது கிரேட் பாயின்ட். ஏ1க்கு 10, ஏ2க்கு 9, பி1க்கு 8 என்று இறங்கும். எட்டு என்றால் எட்டுப் புள்ளி எடுத்தாள் என்று அர்த்தமில்லை. அவள் 71க்கும் 80க்கும் இடையில் எங்கேயோ நிற்கிறாள் என்று மட்டும்தான் அது சொல்லும். ஐந்து பாடங்களின் எண்களையும் கூட்டி ஐந்தால் பிரித்தால் வருவது 8.2.

இதைப் புள்ளியாக மாற்ற ஒரு வழி இருக்கிறது, 9.5ஆல் பெருக்குவது. திருச்சியில் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும் என்று அத்தான் சொன்னார். 8.2ஐ 9.5ஆல் பெருக்கினால் 77.9. அந்த 9.5 வந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் விளங்கும். சிபிஎஸ்இ 10ஆம் வகுப்புப் பொதுத் தேர்வில் 2010 முதல் 2017 வரை மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரப்புள்ளி கொடுத்தார்கள். 91உம் அதற்கு மேலும் எடுத்த பிள்ளைகளின் சராசரி, முந்தைய சில வருடங்களை வைத்துப் பார்த்தபோது, 95க்குக் கிட்ட வந்தது. 95ஐ 10ஆல் பிரித்து 9.5 என்று வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் அது பெரிய தொகையான பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பொருந்தும் உத்தேசம். ஒரு பிள்ளையின் ஒரு பாடத்துக்குப் பொருந்தும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

இது எவ்வளவு தூரம் விலகும் என்று பார்க்க நானும் மருமகளும் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டோம். அவளுடைய ஐந்து எழுத்துகளுக்கும் ஆகக் குறைந்த புள்ளியை வைத்தால் 81, 71, 71, 61, 81. சராசரி 73. ஆகக் கூடியதை வைத்தால் 90, 80, 80, 70, 90. சராசரி 82. இரண்டுக்கும் தரப்புள்ளி அதே 8.2தான். 73 எங்கள் ஊரில் பி, 82 ஏ. ஒரே எண்ணுக்குள் இரண்டு பிள்ளைகள் ஒளிந்திருக்கலாம்.

ஆகவே பெருக்கிப் போடுவதை விட்டுவிட்டு, திருச்சிப் பள்ளிக்கு அத்தானைக் கொண்டு தொலைபேசி எடுப்பித்தேன். தரங்களைப் போட்ட ஆசிரியர்களிடம் மூலப் புள்ளிகள் கட்டாயம் இருக்கும். கொஞ்ச நாள் இழுத்தடித்தாலும், பள்ளி முத்திரையோடு மதிப்பெண் பட்டியல் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஆங்கிலம் 84, தமிழ் 79, கணிதம் 72, விஞ்ஞானம் 63, சமூக அறிவியல் 88. சராசரி 77.2. பெருக்கி வந்த 77.9க்கு இது நன்றாகவே கிட்ட வருகிறது. ஆனால் பாடம் பாடமாகப் பாருங்கள். பெருக்கியிருந்தால் கணிதத்துக்கு 76 என்று பதிந்து ஏ ஆகியிருக்கும். உண்மையில் 72, பி. விஞ்ஞானத்துக்கு 66.5 என்று பி ஆகியிருக்கும். உண்மையில் 63, சி. பிள்ளைக்கு உதவி தேவைப்பட்ட இரண்டு பாடங்களிலும்தான் பெருக்கல் ஒரு படி கூட்டிக் காட்டியது.

அடுத்தது பர்சன்டைல் தாள். அது பள்ளித் தேர்வின் முடிவே இல்லை. வெளியார் நடத்துகிற ஒரு திறன் பரீட்சை, பல பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து எழுதியது. கணிதத்தில் 40 கேள்விகளில் 22 சரி, பர்சன்டைல் 41 என்றிருந்தது. "41 எண்டால் எஸ் தானே, தம்பி? அப்ப 72 எப்பிடி வந்தது?" என்று அக்கா கேட்டார். எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற கணித மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தாளைக் கொண்டுபோனோம்.

மாஸ்டர் சொன்னது: "வகுப்பில எத்தனையாம் பிள்ளை எண்டு நாங்கள் கேக்கிறம் எல்லே? அதைத்தான் மற்றப் பக்கத்தால கேக்கிறாங்கள். உன்னைவிடக் குறைய எடுத்தவை நூற்றுக்கு எத்தனை பேர் எண்டு." பிறகு தான் முன்பு வகுப்பெடுத்த காலத்துப் புள்ளிக் கொப்பி ஒன்றை எடுத்து வந்தார். 40 பிள்ளைகள் எழுதிய தவணைப் பரீட்சை. 55 எடுத்த பிள்ளை 24ஆம் பிள்ளை; அதற்குக் கீழே 16 பேர். 40இல் 16 என்றால் நூற்றுக்கு 40. அதே வகுப்பில் 60 எடுத்தது 17ஆம் பிள்ளை. கீழே 23 பேர், நூற்றுக்கு 57.5. ஐந்தே புள்ளி வித்தியாசம், பர்சன்டைலில் 17க்கு மேல் பாய்ச்சல். மேலே போனால் 85 எடுத்தவன் மூன்றாம் பிள்ளை, 92.5. 90 எடுத்தவன் இரண்டாம் பிள்ளை, 95. இங்கேயும் அதே ஐந்து புள்ளிதான், ஏறியதோ வெறும் இரண்டரை. நடுவில் பிள்ளைகள் நெருக்கி அடித்து நிற்பதுதான் காரணம். ஆகவே 41இல் நிற்கிற பிள்ளை இரண்டு மூன்று கேள்விகள் கூடச் சரியாகச் செய்தால் 50ஐத் தாண்டிவிடக் கூடும். இதை மாஸ்டர் சொன்ன பிறகுதான் அக்காவின் முகம் தெளிந்தது.

அவர் இன்னொன்றும் கேட்டார்: அந்தப் பரீட்சையை எழுதியது யார்? நகரத்தில் காசு கட்டிப் படிக்கிற பள்ளிப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் என்றார் அத்தான். அப்படியென்றால் 41 என்பது அந்தக் கூட்டத்துக்குள்ளே அவள் நிற்கும் இடம். கிளிநொச்சிப் பிள்ளைகளோடு நிறுத்தினால் அது எங்கே போகும் என்று அந்தத் தாளை வைத்துச் சொல்லவே முடியாது. அதனால் அந்த எண்ணை அதிபரிடம் கொடுக்கவில்லை. கேள்வி வாரியான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டோம். பின்னத்திலும் விகிதத்திலும்தான் அதிகம் பிழைத்திருந்தாள். எனக்கு அந்தத் தாளில் பயன்பட்டது அதுதான்.

கடைசியாக, அக்காவின் நித்திரையைக் கெடுத்த 'முன்னேற்றம் தேவை'. இந்த வரி எந்த அட்டவணையில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தரங்களை விளக்கும் சிறு அட்டவணையில் ஈ என்ற எழுத்துக்கு எதிரே இது அச்சாகியிருக்கும். அது 32உம் அதற்குக் கீழும் எடுத்த பாடத்துக்கு உரியது. மருமகளுக்கு ஈ ஒன்றுமே இல்லை. அவளுக்கு எழுதியிருந்தது ஆசிரியர் குறிப்புப் பகுதியில், விஞ்ஞானத்துக்கு நேரே. அங்கே அது சித்தி, சித்தியின்மையைச் சொல்லவில்லை. ஆனால் எதில் முன்னேற வேண்டும் என்றும் சொல்லவில்லை. எங்கள் அறிக்கைகளில் வகுப்பாசிரியர் எழுதும் 'இன்னும் முயற்சி தேவை' போலத்தான், கேட்டால்தான் தெரியும்.

கேட்டோம். அந்த ஆசிரியை பொறுமையாகச் சொன்னார். அவர்கள் முறையில் 100 புள்ளியில் 80தான் எழுத்துத் தேர்வு. மிச்சம் 20இல் 10 சிறு தேர்வுகளுக்கு, 5 கொப்பிக்கு, 5 செயல்முறைக்கு. கொப்பிக்கு மருமகள் எடுத்தது ஐந்தில் இரண்டு. படங்கள் கீறாமல், திருத்தங்கள் செய்யாமல் கொடுத்திருக்கிறாள். ஊர் திரும்பும் ஆயத்தத்தில் வீடு மாறி மாறி இருந்த மாதங்கள் அவை. எழுத்துத் தேர்விலும் அவள் குறைத்தது படம் கீறிப் பெயர் குறிக்கும் கேள்விகளில்தான் என்றார். பிள்ளைக்கு விஞ்ஞானம் ஓடவில்லை என்று நினைத்து அக்கா ரியூஷனுக்குக் காசு தேடிக்கொண்டிருந்தார். வேண்டியதோ ஒரு கூர்ப் பென்சிலும் கொப்பியை முடித்துக் கொடுக்கும் பழக்கமும்தான்.

அதிபர் மதிப்பெண் பட்டியலில் இருந்த ஐந்து எண்களையும் அப்படியே பதிந்தார். தரப்புள்ளி அறிக்கையின் பிரதி கோப்பில் பின்னால் போனது. பிறகு எங்கள் 8ஆம் தரத் தவணை வினாத்தாள் ஒன்றைக் கணித ஆசிரியர் அவளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னத்தில் தடுமாறுவாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம், தடுமாறினாள். எதிர்பாராதது வேறு. எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் படித்தவளுக்குத் தமிழில் எழுதிய வசனக் கணக்கை வாசித்து முடிக்கவே நேரம் போதவில்லை. எழுத்திலோ எண்ணிலோ எங்கேயும் இது தெரிந்திருக்காது. இப்போது பின்னேரங்களில் அவள் மாஸ்டர் வீட்டில் பழைய தமிழ் வினாத்தாள்களைச் சத்தமாக வாசிக்கிறாள். கணக்குச் செய்வது அதற்குப் பிறகுதான்.