சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், சாப்பாட்டு மேசையில் ஒரு பெயர்

பாங்காக் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு முதல் வாரமே ஒரு குழப்பம் வரும். பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் ‘ஃபொன்’ என்று கூப்பிடுகிறார்கள். அவருக்குக் கோப்பு அனுப்பலாமென்று மின்னஞ்சலில் Fon என்று தட்டினால் யாரும் வருவதில்லை. அவருடைய முகவரி siriphon.w என்று தொடங்குகிறது. ஆவணப் பெயர் சிரிபோன். புள்ளிக்குப் பின்னால் நிற்பது குடும்பப் பெயரின் முதலெழுத்து. தாய்லாந்து நிறுவனங்களில் பரவலாக உள்ள முகவரி முறை இது.

ஃபொன் போன்ற கூப்பிடு பெயரை அங்கே ‘ச்சூ லென்’ என்பார்கள், ஆவணப் பெயரை ‘ச்சூ சிங்’ என்பார்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மற்றதை ஊகிக்கவே முடியாது. நொக், லெக், குங், ப்ளாய், பேங்க், பால், ஐஸ் என்று ஓரசையில் முடிகிற பெயர்களுக்குப் பின்னால் எந்த நீண்ட பெயரும் இருக்கலாம். வெளியிலிருந்து வருகிறவர்கள் கூப்பிடு பெயரை விளையாட்டுப் பெயர் என்றும், ஆவணப் பெயர்தான் உறுதியானது என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எண்ணத்தோடு பணியாளர் பதிவேட்டைத் தயாரித்தால் தொல்லைதான். தாய்லாந்தில் ஆவணப் பெயர் மாறக்கூடியது. ஒருவரை வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் கூப்பிடு பெயரே.

குழந்தை பிறந்தவுடன் வீட்டில் ஒரு சின்னப் பெயர் புழக்கத்துக்கு வந்துவிடும். அழகான குழந்தையைப் பேய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பழைய அச்சத்தால் பன்றி, தவளை என்றெல்லாம் வேண்டுமென்றே கூப்பிட்ட வழக்கமும் உண்டு. ஆவணப் பெயருக்கு நிதானம் வேண்டும். பிறப்பை 15 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்குள் துறவியிடமோ ஜோதிடரிடமோ கேட்டு நல்ல பெயராகத் தேடுவார்கள். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் பாலி, சமஸ்கிருத வேர்களிலிருந்து வருவதால் தமிழ்க் காதுக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது.

இந்தத் தேர்வுக்கு ‘தக்சா’ என்றொரு கணக்கு இருக்கிறது. தாய் எழுத்துகளை எட்டுக் குழுவாகப் பிரிக்கிறார்கள். வாரத்தின் ஏழு நாளில் புதன்கிழமை மட்டும் பகல், இரவு என்று இரண்டாவதால் பிறந்த நாளும் எட்டு வகையாகிறது. ஒவ்வொரு நாளில் பிறந்தவருக்கும் ஒரு குழு ஆகாத எழுத்துகள். அதற்குப் பெயர் ‘காலகினி’. திங்கட்கிழமை பிறந்தவருக்கு உயிர்க்குறிகள் அத்தனையும் ஆகாது. உயிர்க்குறியே இல்லாமல் பெயர் எழுத முடியுமா என்று கேட்கலாம். முடியும். தாய் எழுத்தில் சில உயிரொலிகள் குறி போடாமலே ஒலிக்கும். கனொக்வான் என்ற பெயரைத் தாய் எழுத்தில் பாருங்கள்: ஏழு எழுத்து வரிசையாக நிற்கும், மேலும் கீழும் பக்கத்திலும் ஒரு உயிர்க்குறியும் இராது. திங்கட்கிழமைக்காரருக்கு அது பொருத்தமான பெயர். சிரிபோன் என்பதில் இரண்டு இகரக் குறி உண்டு.

நம்முடைய ஃபொன் திங்கட்கிழமை பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். நோய், தொழிலில் சரிவு, மணவாழ்க்கையில் சிக்கல் என்று ஏதோ ஒன்று வருகிறது. ஜோதிடர் இரண்டு இகரத்தையும் காட்டுகிறார். ஃபொன் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பித்து, ‘ச்சோ. 3’ என்ற பெயர் மாற்றச் சான்றோடு கனொக்வானாகத் திரும்புகிறார். 60 நாளுக்குள் அடையாள அட்டையைப் புதுப்பித்தாக வேண்டும். மதிய உணவு மேசையில் மட்டும் எதுவும் மாறவில்லை; அங்கே அவர் அதே ஃபொன்தான்.

மனிதவளப் பிரிவுக்கு இங்கேதான் வேலை தொடங்குகிறது. அடையாள அட்டை புதிய பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு அவர் கிளைக்குப் போய்ச் சான்றைக் காட்டும்வரை பழைய பெயரில் இருக்கும், கடவுச்சீட்டும் புதிதாக எடுக்கும்வரை பழையதுதான். ஆகவே இடைப்பட்ட வாரங்களில் ஒரே ஆள் இரண்டு பெயரில் உலவுகிறார். சம்பளக் கோப்பில் அவசரப்பட்டுப் பெயரை மாற்றினால் கணக்கின் பெயரோடு பொருந்தாமல் பணம் நிற்கக்கூடும். வெளிநாட்டு விமானச் சீட்டை அடையாள அட்டையைப் பார்த்துப் பதிந்தால் விமான நிலையத்தில் பிரச்சினை வரும். அந்தந்த வேலைக்கு எந்த ஆவணம் காட்டப்படுமோ அதிலுள்ள பெயரே போக வேண்டும்: சம்பளத்துக்கு வங்கிப் புத்தகம், வெளிநாட்டுப் பயணத்துக்கு அவர் கையில் இருக்கும் கடவுச்சீட்டு.

பதிவேட்டில் பெயரை அடையாளச் சாவியாக வைக்கவே கூடாது. அட்டையிலுள்ள 13 இலக்க எண் பெயர் மாறினாலும் மாறாது. அதை வைத்துத்தான் பதிவுகளை இணைக்க வேண்டும். கூடவே பழைய பெயர், புதிய பெயர், மாற்றிய தேதி, ச்சோ. 3 நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிச் சான்றையோ பட்டச் சான்றிதழையோ பழைய பெயரில் பார்க்கும் ஒருவர், இது வேறு ஆள் என்று எண்ணாமலிருக்க அந்த நகல்தான் ஆதாரம். மின்னஞ்சலை மாற்றினால் பழைய முகவரிக்கு வருவதும் புதியதில் விழும்படி செய்துவிட வேண்டும்.

குடும்பப் பெயரை நம்பி ஆளைத் தேடலாமே என்று தோன்றும். தாய்லாந்தில் குடும்பப் பெயர் 1913இல் வச்சிராவுத் மன்னர் காலத்துச் சட்டத்தோடு வந்தது. அதற்கு முன் பெரும்பாலானோருக்கு ஒற்றைப் பெயர்தான். ஒரு குடும்பம் பதிந்த பெயரை இன்னொரு குடும்பம் பதிய முடியாது. அதனால் பின்னால் பதிந்தவர்களுக்கு, குறிப்பாகச் சீன வம்சாவளியினருக்கு, நீளமான பெயர்களே மிஞ்சின. 1962ஆம் ஆண்டுச் சட்டம் புதிய குடும்பப் பெயருக்குப் பத்து மெய்யெழுத்து என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் பேச்சில் குடும்பப் பெயரை யாரும் எடுப்பதில்லை. முறைப்படி பேசினாலும் ‘குன்’ என்று சொல்லி முதற்பெயரைத்தான் சேர்ப்பார்கள். செய்தித்தாள்களும் அப்படியே: பிரதமராக இருந்த யிங்லக்கைக் குடும்பப் பெயரால் குறிப்பிடுவதைவிட ‘பூ’ என்ற அவருடைய கூப்பிடு பெயரால் எழுதுவது அங்கே சாதாரணம்.

கூப்பிடு பெயரில் ஒரே சங்கடம், ஒரே பெயரில் பலர் இருப்பது. நூறு பேர் இருக்கும் இடத்தில் மூன்று நொக் இருந்தால் வியப்பில்லை. ஊழியர்களே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: கணக்குப் பிரிவு நொக், பெரிய நொக், சின்ன நொக். மூத்தவரானால் முன்னால் ‘பீ’, இளையவரானால் ‘நொங்’. யார் மூத்தவர் என்று தெரியாதபோது ‘குன் நொக்’ என்பதே பத்திரம். இதைப் பதிவேட்டிலும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். கூப்பிடு பெயருக்கு ஒரு பத்தி, பக்கத்தில் பிரிவு. நிறுவனத் தொலைபேசிப் பட்டியலில் அந்தப் பத்தி இல்லையென்றால் பட்டியலை யாரும் திறக்க மாட்டார்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் நீங்களாக ஊகிக்காதீர்கள். ஒரே தாய்ப் பெயரை ஒருவர் Natthaphong என்பார், இன்னொருவர் Nattapong என்பார். அரசு வகுத்த ஒலிபெயர்ப்பு முறை இருந்தாலும், கடவுச்சீட்டில் அவர் எப்படி எழுதியிருக்கிறாரோ அதுதான் அவருடைய பெயர். சேரும் நாளன்றே அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி, அதிலிருந்து எழுத்தெழுத்தாகப் பதியுங்கள். கூப்பிடு பெயரையும் அப்போதே கேட்டுவிடலாம். அதைக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்காமல் மாதக்கணக்கில் முழுப் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தால்தான், இவர் நம்மை இன்னும் தள்ளியே வைத்திருக்கிறார் என்று நினைப்பார்கள்.