கார்டுல எல்லா மாசமும் 110/70

தெருவுல ஒரு பொண்ணு மாசமா இருக்கான்னா, ரெண்டாவது நாளே அவங்க அம்மா என் வீட்டு வாசல்ல நிப்பாங்க. "அக்கா, ஜி.எச்.ல காட்டலாமா, பிரைவேட்டுக்கே போயிடலாமா?" நான் முதல்ல 4 வருஷம் ஒரு பிரைவேட் நர்சிங் ஹோம்ல வேலை பாத்தேன், அப்புறம் 11 வருஷம் பி.எச்.சி. லேபர் ரூம், இப்ப ஜி.எச். அதனால எல்லாத்தோட உள்பக்கமும் எனக்குத் தெரியும்னு நெனச்சு கேக்கறாங்க. தெரியும்தான். ஆனா நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி, ஏற்கனவே எங்கயாச்சும் காட்டியிருந்தா அந்த செக்கப் கார்டைக் கொண்டுவரச் சொல்லுவேன். அதுல ஸ்கேனையெல்லாம் பாக்க மாட்டேன். பிபி எழுதற கட்டத்த மட்டும்தான் பாப்பேன்.

மூணாம் மாசம் 110/70, நாலாம் மாசம் 110/70, அஞ்சாம் மாசமும் 110/70ன்னு இருந்தா அது யாரும் பாக்காம எழுதுன பிபி. உயிரோட இருக்கற மனுஷிக்கு மாசா மாசம் ஒரே நம்பர் வராது, படி ஏறி வந்தா ஒண்ணு காட்டும், உக்காந்து அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா வேற காட்டும். இதை நான் பிரைவேட் ஃபைல்லயும் பாத்திருக்கேன் கவர்மெண்ட் கார்டுலயும் பாத்திருக்கேன். ஒரு உண்மையையும் சொல்லிடறேன், பி.எச்.சி.ல செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிங்க கிளினிக், ஒரே காலைல எழுபது பேர் வந்து நின்ன நாள்ல கடைசி பத்து பேருக்கு நானே அப்படி எழுதியிருக்கேன். அது இன்னும் உறுத்துது, அதனாலதான் மத்தவங்க கார்டுல முதல்ல அதத் தேடறேன் போல.

ஏன் பிபின்னு கேட்டா, ஒரு பொண்ணோட கதையச் சொல்றேன். 26 வயசு, தலைப்பிரசவம். புருஷனுக்கு சென்னைல வேலை, அங்க ஒரு நல்ல பிரைவேட் கிளினிக்ல மாசா மாசம் காட்டுனா. ஃபைல் கல்யாண ஆல்பம் கனம் இருக்கும், ஸ்கேன் மட்டும் ஏழு. எட்டாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு எங்க ஊருக்கு, அம்மா வீட்டுக்கு வந்துட்டா. இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிங்க. நம்ம ஊர் வழக்கப்படி எட்டு ஒம்பதாம் மாசம் பொண்ணு தாய் வீட்டுக்கு வரும்போது டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாமே மாறுது. பிபி ஏறறது பெரும்பாலும் அந்த மாசங்கள்லதான். முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்ச ஆள் யாரும் பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்து அது ஏறும்.

நான் அப்ப பி.எச்.சி.ல இருந்தேன். எங்க கிராம நர்ஸ் அந்த வீட்டுக்குப் போய், கர்ப்பத்த அரசாங்கத்துல பதிஞ்சப்ப குடுக்கற பிக்மி நம்பர் இருக்கான்னு பாத்துட்டு (அது இல்லன்னா குழந்தைக்கு பர்த் சர்டிபிகேட் வாங்கறப்ப அலைய விடுவாங்க) செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வந்தாங்க. 35 வாரம். பிபி 136/86. 140/90 தொட்டாதான் நாங்க பிபின்னு பேர் வைப்போம், அப்படிப் பாத்தா இது நார்மல், அனுப்பி வச்சிருக்கலாம். ஆனா ஃபைல்ல மூணாம் மாசம் 100/60ன்னு இருந்துச்சு, அந்த ஒரு நம்பர் நிஜமாப் பாத்து எழுதுனதுன்னு எனக்குத் தோணுச்சு. 100ல இருந்தவ 136க்கு வந்தா அது அவளுக்கு அதிகம். இடது பக்கமா சாய்ஞ்சு படுக்கச் சொல்லி மறுபடி பாத்தோம், 138/88. யூரின்ல ஆல்புமின்ங்கற புரதம் போகல. அவங்க அம்மா, "கால் வீக்கம்தானே, எனக்கும் இருந்துச்சு"ன்னாங்க. கால் வீக்கம் எல்லாருக்கும் வரும்மா, மோதிரம் கழட்ட முடியலன்னாலோ காலைல எந்திரிக்கும்போது முகம் உப்பியிருந்தாலோ தலைவலின்னாலோ கண்ணு மங்குனாலோ அந்த நிமிஷமே வரணும்னு சொல்லி, இல்லன்னாலும் வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை 146/94, ஆல்புமின் ஒரு பிளஸ், மூணு நாள்ல எடை ரெண்டு கிலோ கூடியிருக்கு. அது சாப்பாட்டுல ஏறுன எடை இல்ல, உடம்புல தேங்குன தண்ணி.

அன்னிக்கு லேபர் ரூம் வாசல்லயே வீட்டு ஆளுங்க பஞ்சாயத்து பண்ணுனாங்க. பொண்ணோட மாமா ஊர்ல இருக்கற நர்சிங் ஹோம் பேரச் சொன்னாரு, ஏசி ரூம், தெரிஞ்ச டாக்டர். நான் அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: சார், ராத்திரி 2 மணிக்கு அங்க யார் இருப்பாங்க? மயக்க டாக்டர் அங்கயே தங்குவாரா, கூப்பிட்டா வருவாரா, எங்கிருந்து வருவாரு? ரத்தம் அங்கயே இருக்கா, யாராவது பைக்ல போய் வாங்கிட்டு வரணுமா? அவருக்குத் தெரியல. தெரியாதது தப்பு இல்ல, போர்டுல அதெல்லாம் எழுத மாட்டாங்க.

எனக்குத் தெரியும்னா, நான் வேலை பாத்த நர்சிங் ஹோம் எப்படி இருந்துச்சுன்னு தெரியும். ஒரே ஒரு மேடம், நல்ல டாக்டர், கை சுத்தம், பேஷண்ட்டப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. ஆனா அவங்களும் மனுஷி, ராத்திரி வீட்டுக்குப் போவாங்க. ராத்திரி நானும், ஆறு மாசம் பழகி வேலை கத்துக்கிட்ட ஒரு பொண்ணும். மயக்க டாக்டர் நாலு ஆஸ்பத்திரிக்குப் போறவரு. வலி பன்னண்டு மணி நேரம், பதினாலு மணி நேரம் போகும், அது ராத்திரி 3 மணிக்கு மாட்டிக்கிட்டா என்ன செய்யறதுன்னு மேடத்துக்கு சாயங்காலமே பயம் வந்துடும், அதனால மயக்க டாக்டர் கைல கிடைக்கிற ஆறு மணிக்கே சிசேரியன்னு முடிவாயிடும். காசுக்காகத்தான் அறுக்கறாங்கன்னு ஊரே சொல்லும், அதுவும் இல்லாம இல்ல, ஆனா நான் பாத்ததுல பாதி இந்த பயம்தான். வீட்டு ஆளுங்களும் சும்மா இல்ல, ஜோசியர்கிட்ட நேரம் குறிச்சு வாங்கிட்டு வந்து இத்தனை மணிக்குள்ள எடுத்துடுங்கன்னு நிப்பாங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டு பிரைவேட் ஆஸ்பத்திரி பிரசவத்துல 63.8 சதவீதம் சிசேரியன், கவர்மெண்ட்ல 36. நம்மளோட 36ம் ஒண்ணும் கம்மி இல்ல, அதச் சொல்லி பெருமைப்பட முடியாது.

அந்தப் பொண்ண 108ல ஏத்தி, 24 மணி நேரமும் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் இருக்கற ஜி.எச்.க்கு அனுப்புனோம். பிபிக்கு லேபட்டலால் மாத்திரை, தினமும் ரத்த டெஸ்ட், குழந்தையோட இதயத் துடிப்புன்னு பாத்துக்கிட்டே 37 வாரம் வரைக்கும் ஓட்டி, மருந்து வச்சு வலி வரவச்சாங்க. சுகப்பிரசவம், 2.6 கிலோ பொண்ணு. எல்லாரும் சாக்லேட் குடுத்தாச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சாச்சு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ பிபி பாக்கற ஸ்டாஃப், ரெண்டாவது நாள் ராத்திரி பாத்தா 160/110. கேட்டப்பதான், சாயங்காலத்துல இருந்தே தலைவலி, தூக்கம் இல்லாததுனாலன்னு இருந்துட்டேன்னா. உடனே பிபி இறக்க மருந்து, வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் ஊசி. 4 கிராம் நரம்புல மெதுவா, அப்புறம் ரெண்டு பக்க இடுப்புலயும் 5 கிராம் 5 கிராம். அந்த ஊசி போட்டவங்கள விட்டு நகர முடியாது, முட்டிய தட்டுனா கால் உதறுதா, மூச்சு எண்ணிக்கை சரியா இருக்கா, யூரின் போகுதான்னு விடியற வரைக்கும் பாக்கணும், அளவு மிஞ்சுனா மூச்சே நின்னுடும். பாத்தாங்க, வலிப்பு வரல. அந்தப் பிள்ள மொத நாளே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருந்தா அந்தத் தலைவலிக்கு காபி குடுத்துத் தூங்க வச்சிருப்பாங்க. பிரசவம் ஆனா பிபி பயம் போச்சுன்னு நெனக்கறதுதான் நான் பாத்ததுலயே பெரிய ஏமாத்து.

அந்தப் பொண்ணு ஒரு மாசம் கழிச்சு என்கிட்ட சொன்னது வேற. "அக்கா, என்னைக் காப்பாத்துனாங்க. ஆனா வலில கத்துனதுக்கு திட்டுனாங்க. யாரும் ஒரு தடவகூட பேர் சொல்லிக் கூப்பிடல, ஏழாம் நம்பர் பெட்டுதான். குழந்தையக் காட்டறதுக்கு எங்க அம்மாகிட்ட 500 ரூபா கேட்டாங்க." நான் என்ன சொல்றது. நானே அதே டிபார்ட்மெண்ட், அதே சட்டை.

மிட்வைஃப் பத்திக் கேக்கறவங்க இப்ப அதிகம், நெட்ல பாத்துட்டு. எங்க சர்டிபிகேட்லயே நர்ஸ், மிட்வைஃப்னு ரெண்டும் போட்டிருக்கும்னு சொன்னா ஆச்சரியப்படுவாங்க. பி.எச்.சி.ல ராத்திரி ஆகற சுகப்பிரசவத்த பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான் பாக்கறாங்க, நம்ம ஊர்ல மிட்வைஃப் கேர்ங்கறது பேர் இல்லாமலே நடந்துட்டுதான் இருக்கு. 2018ல மத்திய அரசு இதுக்குன்னே வழிகாட்டி போட்டு, நர்சுங்களுக்கு 18 மாசம் தனிப் பயிற்சி குடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளயே தனி யூனிட்னு ஆரம்பிச்சது, தெலங்கானா அதுக்கு முன்னாடியே தொடங்கிட்டாங்க. ஒரே ஆள் கூடவே இருக்கறது, நடக்க விடறது, பிடிச்ச மாதிரி உக்காந்து பெத்துக்க விடறது, அவசரத்துக்கு கத்தி வைக்காம இருக்கறது, இதெல்லாம் நல்லது, எங்ககிட்ட இல்லாதது. ஆனா அது ரிஸ்க் இல்லாதவங்களுக்கு மட்டும்தான், அதுவும் தியேட்டர் பக்கத்துலயே இருக்கணும். ஏன்னா ரிஸ்க்கே இல்லாத பொண்ணுக்கும் குழந்தை பொறந்த பத்தாவது நிமிஷம் குழாய் திறந்த மாதிரி ரத்தம் போகலாம். கர்ப்பப்பை சுருங்கலன்னா தொட்டா மாவு மாதிரி இருக்கும், தேங்கா மாதிரி கெட்டியா இருக்கணும். வீட்லயே யூடியூப் பாத்துப் பெத்துக்கறோம்னு 2018ல திருப்பூர்ல ஒரு பொண்ணு ரத்தப்போக்குல செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மிட்வைஃப் கேர்ங்கறது அது இல்ல, ரெண்டையும் ஒண்ணாக் குழப்பறவங்க மேல எனக்கு கோவமே வரும்.

மூணு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு மறுபடி மாசமானா. இந்த தடவ மிட்வைஃப் யூனிட்ல பாக்கலாமான்னு அவளே கேட்டா, முதல் பிரசவத்துல பிபி வந்தவளுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம், உனக்கு அது சரிவராதும்மான்னு சொல்லிட்டேன். டாக்டர் மூணாம் மாசத்துலயே ஆஸ்பிரின் சின்ன மாத்திரை ஆரம்பிச்சாங்க. வளைகாப்புக்கு அப்புறம் ஊர் மாறாம, முதல்ல இருந்தே அம்மா வீட்ல இருந்து எங்க ஜி.எச்.லயே காட்டிக்கிட்டா. வலி வந்தா யார் கூட இருக்கணும்னு முன்னாடியே பேசி அவங்க அக்காவ உள்ள விட ஏற்பாடு பண்ணுனேன், அந்த 500 ரூபா கேக்கற ஆள்கிட்ட தனியாவும் பேசுனேன், எவ்வளவு நாளைக்கு கேக்கும்னு தெரியல.

போன வாரம் அவ கார்டு என் கைக்கு வந்துச்சு. 104/66, 112/70, 108/64, 116/74, 110/72. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.